ஏழு கட்டைவிரல் வந்தது, படிவம் வரவில்லை

கேள்வி: நான் ஒரு மென்பொருள் குழுவில் ஒருங்கிணைப்பாளர். வெளி நிறுவனங்களிலிருந்து வரும் நீளமான மெயில்களைப் படித்து, குழு சாட்டில் நாலு வரியில் போடுவது என் வேலைகளில் ஒன்று. சமீபத்தில் பேமென்ட் கேட்வே நிறுவனம் அனுப்பிய மெயிலை அப்படித்தான் சுருக்கிப் போட்டேன். ஏழு பேர் கட்டைவிரல் போட்டார்கள். ஆனால் அவர்கள் கேட்ட படிவத்தை யாரும் நிரப்பவில்லை. கெடு முடிந்த மறுநாள் அவர்களே போன் செய்து கேட்டதால் தப்பித்தோம். "சாட்டில் போட்டேனே" என்றால், "அதில் அப்படி ஒன்றும் இல்லையே" என்கிறார்கள். மெயிலையும் நான் போட்ட செய்தியையும் பெயர்களை எடுத்துவிட்டு இணைத்திருக்கிறேன். எங்கே கோட்டை விட்டேன்?

பதில்: மற்ற வாசகர்களும் பார்க்க வேண்டும் என்பதால் மெயிலை முதலில் தந்துவிடுகிறேன். வணக்கமும் கையொப்பமும் மட்டும் நீக்கியிருக்கிறேன்.

> பொருள்: பாதுகாப்பு மேம்பாடு – தங்கள் கவனத்துக்கு
>
> எங்கள் சேவையைத் தொடர்ந்து பயன்படுத்திவருவதற்கு நன்றி. பரிவர்த்தனைகளின் பாதுகாப்பை வலுப்படுத்தும் பணியில் எங்கள் தொழில்நுட்பக் குழு கடந்த சில மாதங்களாக ஈடுபட்டுள்ளது. அதன் அடுத்த கட்டமாக, முன்கூட்டியே பதிவு செய்யப்பட்ட ஐபி முகவரிகளிலிருந்து வரும் கோரிக்கைகளை மட்டும் ஏற்கும் முறைக்கு மாறவிருக்கிறோம். களவுபோன கீயை வைத்து வேறு இடத்திலிருந்து பரிவர்த்தனை செய்யும் முயற்சிகளை இது தடுக்கும்.
>
> இந்த மாற்றத்துக்காகத் தங்கள் தரப்பில் கோடில் எந்த மாற்றமும் தேவையில்லை. டெஸ்ட் சூழலில் புதிய முறையை 5ஆம் தேதி திங்கள்கிழமை முதல் சோதித்துப் பார்க்கலாம். வழிகாட்டி இணைக்கப்பட்டுள்ளது.
>
> இதன்பொருட்டு, தங்கள் சர்வர்களின் ஐபி முகவரிகளை இணைப்பிலுள்ள படிவத்தில் நிரப்பி 14ஆம் தேதி புதன்கிழமைக்குள் அனுப்பித் தந்தால் உதவியாக இருக்கும். டெஸ்ட், லைவ் சூழல்களுக்குத் தனித்தனிப் படிவம் உள்ளது. ரீஃபண்ட் கோரிக்கைகள் வேறு சர்வரிலிருந்து வருமானால் அதன் முகவரியையும் சேர்க்கவும். லைவ் சூழலில் புதிய முறை 16ஆம் தேதி வெள்ளிக்கிழமை இரவு 11 மணிக்கு நடைமுறைக்கு வரும். அதன்பின் பதிவில் இல்லாத முகவரிகளிலிருந்து வரும் கோரிக்கைகள் ஏற்கப்படமாட்டா. எங்களிடமிருந்து உறுதிப்படுத்தல் வரும்வரை தற்போதைய கீயை மாற்ற வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறோம்.
>
> மேலும், மாதாந்திர ஆய்வுக் கூட்டத்தைச் செவ்வாய்க்கிழமைக்கு மாற்ற உத்தேசித்துள்ளோம். தங்களுக்கு வசதிப்படுமா எனத் தெரிவிக்கவும்.

இதை நீங்கள் சாட்டில் போட்டது இப்படி:

> டீம், பேமென்ட் கேட்வே நிறுவனத்திடமிருந்து மெயில் வந்திருக்கிறது. பாதுகாப்புக்காக, பதிவு செய்த ஐபி முகவரிகளிலிருந்து வரும் கோரிக்கைகளை மட்டும் ஏற்கும் முறைக்கு மாறுகிறார்கள். நம் பக்கம் கோடில் மாற்றம் தேவையில்லை. டெஸ்ட் சூழல் திங்கள் முதல் ரெடி. படிவம், முழு விவரம் மெயிலில் இருக்கிறது. எல்லோரும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

தேர்வுத்தாளாக இருந்தால் இதற்கு நல்ல மதிப்பெண் போடுவேன். பிழையான தகவல் ஒன்றுகூட இல்லை. மெயிலின் சாரம் அப்படியே இருக்கிறது. ஆனால் மெயில் எழுதியவர் எதற்கு அதிக இடம் கொடுத்தாரோ அதற்கே நீங்களும் அதிக இடம் கொடுத்திருக்கிறீர்கள். அவர் பின்னணிக்கு இரண்டு பத்தி ஒதுக்கினார், வேண்டுகோளுக்கு ஒரு வாக்கியம். எல்லாவற்றையும் சம அளவில் சுருக்கினால் பின்னணி மூன்று வரியாகும், அந்த ஒற்றை வாக்கியம் காணாமல் போகும். உங்கள் செய்தியில் அதற்கு மிஞ்சியது "படிவம்" என்ற ஒரே சொல். அதுவும் "விவரம்" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதால், ஏதோ இணைப்பு என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும்.

இன்னொன்றும் நடந்திருக்கிறது. கோடு எழுதுகிறவர்கள் நிறைந்த ஒரு குழுவில் "கோடில் மாற்றம் தேவையில்லை" என்று மூன்றாவது வாக்கியத்தில் சொல்லிவிட்டால், அவர்களைப் பொறுத்தவரை செய்தி அங்கேயே முடிந்துவிட்டது. கட்டைவிரலைப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஆகவே, இனி இப்படிப்பட்ட மெயிலைச் சுருக்க முயலாதீர்கள். அதிலிருந்து வேண்டுகோளைப் பிரித்தெடுத்து, அதைச் சுற்றிப் புதிதாக ஒரு செய்தி எழுதுங்கள். சுருக்கும்போது "இந்த மெயில் எதைப் பற்றியது?" என்று கேட்டுக்கொண்டு படிக்கிறோம். பிரித்தெடுக்கும்போது வேறு கேள்வி கேட்க வேண்டும்: "இதைப் படித்துவிட்டு எங்கள் குழுவில் யாரும் எதுவும் செய்யாமல் இருந்தால், எந்த நாளில் என்ன ஆகும்?"

அந்தக் கேள்வியோடு மேலே உள்ள மெயிலை மறுபடி படித்துப் பாருங்கள். முதல் இரண்டு பத்திகளில் ஒன்றும் ஆகாது. மூன்றாவது பத்தியில் 16ஆம் தேதி இரவு 11 மணி என்று வருகிறது. பதிவில் இல்லாத சர்வரிலிருந்து ஒரு பரிவர்த்தனையும் போகாது. கீயை யாராவது அவசரப்பட்டு மாற்றினால் அதற்கும் விளைவு உண்டு. கடைசிப் பத்தியில் ஒரு கூட்டம் வாரத்தின் வேறொரு நாளுக்குப் போகும், அவ்வளவுதான். மெயிலில் மூன்று வேண்டுகோள்கள் இருக்கின்றன, மூன்றும் ஒரே எடையில் இல்லை என்பது இந்த வாசிப்பில் தெரிந்துவிடும்.

எடையைப் பார்க்கும்போது மெயிலின் தொனியை நம்பாதீர்கள். "அனுப்பித் தந்தால் உதவியாக இருக்கும்" என்ற வரியைத் தனியாகப் படித்தால், முடிந்தால் அனுப்புங்கள் என்பது போலத்தான் இருக்கும். மூன்று வாக்கியம் தள்ளிப் பார்த்தால், அனுப்பாவிட்டால் கதவைச் சாத்திவிடுவார்கள் என்பது புரியும். அதே மெயிலில் "தெரிவிக்கவும்" என்று விறைப்பாக முடிகிற கூட்ட விஷயம்தான் உண்மையில் சாதாரணமானது. வெளி நிறுவனத்துக்கு எழுதும்போது மரியாதைக்காகக் கட்டாயத்தை மென்மையாகச் சொல்வது எல்லோருக்கும் வழக்கம். இணையத் தொழில்நுட்ப ஆவணங்களை எழுதுகிறவர்களுக்கும் இந்தக் குழப்பம் உண்டு. அதனால்தான் 1997-இல் ஆர்எஃப்சி 2119 என்ற ஆவணத்தில், எந்தச் சொல் வந்தால் கட்டாயம், எந்தச் சொல் வந்தால் பரிந்துரை, எந்தச் சொல் வந்தால் அவரவர் விருப்பம் என்று வரையறுத்து வைத்தார்கள். மெயில் எழுதுகிறவர்கள் அப்படி எழுதப்போவதில்லை. அதனால் அந்தத் தரம் பிரிக்கும் வேலையை நீங்கள்தான் செய்ய வேண்டும். மெயிலைப் பார்த்து முடிவு செய்ய முடியவில்லை என்றால், சாட்டில் போடுவதற்கு முன்பே அனுப்பியவரிடம் ஒரு வரி கேட்டுவிடுங்கள்: "14க்குள் படிவம் வராவிட்டால் எங்களுக்கு மட்டும் மாற்றம் தள்ளிப்போகுமா, அல்லது 16ஆம் தேதி இரவு எங்கள் கோரிக்கைகள் நின்றுவிடுமா?" உங்கள் மெயிலுக்கு இது தேவைப்படாது, பதில் உள்ளேயே இருக்கிறது. ஆனால் இன்னொன்று கேட்டிருக்க வேண்டும்: இரவு 11 மணி என்பது யாருடைய கடிகாரப்படி? அந்த நிறுவனத்தின் சர்வர்களும் உங்கள் குழுவும் வேறு வேறு நேர மண்டலத்தில் இருந்தால், 16ஆம் தேதி இரவு என்பது உங்களுக்கு 16 மதியமாகவோ 17 காலையாகவோ இருக்கலாம்.

அடுத்தது யார் என்ற கேள்வி. மெயில் உங்கள் நிறுவனத்துக்கு எழுதப்பட்டது; "தங்கள்" என்றால் ஒட்டுமொத்த நிறுவனம். சாட்டில் நிறுவனம் என்று ஒருவர் கிடையாது. ஒவ்வொரு வேண்டுகோளும் யார் மேசைக்குப் போக வேண்டும் என்று நீங்கள் பிரித்தாக வேண்டும். கூட்ட நாள் உங்கள் மேசைக்கு உரியது. அதற்குக் குழு சாட்டில் இடமே வேண்டாம், நீங்களே பதில் போட்டுவிடலாம். படிவத்தை நிரப்பி அனுப்புவதும் ஒருங்கிணைப்பாளர் வேலைதான். ஆனால் முகவரிகள் உங்களுக்குத் தெரியாது. வழக்கமான கட்டணங்கள் போகும் சர்வர்களின் முகவரி சர்வர் பொறுப்பாளருக்குத் தெரியும். ரீஃபண்ட் வேறு சர்வரிலிருந்து போகிறதா என்பது அந்தப் பகுதியை எழுதியவருக்குத்தான் தெரியும். சர்வர் பொறுப்பாளருக்கே தெரியாமல்கூட இருக்கலாம். ஆக, மெயிலில் "படிவத்தை அனுப்புங்கள்" என்று ஒன்றாக இருந்தது, உங்கள் குழுவுக்குள் வரும்போது "நீங்கள் இருவரும் எனக்கு முகவரிகளைத் தாருங்கள்" என்று மாறுகிறது. இந்த மாற்றத்தைச் செய்யாமல் மெயிலின் வாக்கியத்தையே சாட்டில் ஒட்டினால், சுருக்கமாகவும் இருக்கும், தெளிவாகவும் இருக்கும், ஆனாலும் யாரும் அசைய மாட்டார்கள்.

ரீஃபண்ட் யார் பொறுப்பு என்று உங்களுக்கே தெரியாவிட்டால், அதைத் தெரிந்துகொள்வதுதான் முதல் வேண்டுகோள். அதைத் தனியாக இரண்டு பேரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு பிறகு சாட்டில் போடுவது, "யாருக்காவது தெரியுமா?" என்று பொதுவில் கேட்டுவிட்டுக் காத்திருப்பதைவிட வேகமானது.

கெடுவும் அப்படியே மாற வேண்டும். 14 என்பது அந்த நிறுவனம் உங்களுக்குக் கொடுத்த கெடு. படிவம் நிரப்ப, ஏதாவது விடுபட்டிருந்தால் திரும்பக் கேட்க, உங்களுக்கு ஒரு நாளாவது வேண்டும். எனவே குழுவுக்கு 13ஆம் தேதி செவ்வாய் மாலை 4 மணி என்று சொல்லுங்கள். சிலர் இந்த இடத்தில் உண்மையான கெடுவை மறைத்துவிட்டு, 13தான் கடைசி என்று அடித்துச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மெயில் எல்லோருக்கும் கிடைக்கக்கூடிய இடத்தில் இருக்கிறது. ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால் நீங்கள் சொல்லும் எந்தத் தேதியையும் அதன்பின் நம்ப மாட்டார்கள். இரண்டு தேதியையும் சொல்லுங்கள், நடுவில் உள்ள நாள் எதற்கு என்பதையும் சொல்லுங்கள்.

இப்போது எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது. நான் பயன்படுத்தும் அளவுகோல் இது: ஒரு தகவல் இல்லாவிட்டால் செய்கிறவர் வேலையைத் தப்பாகச் செய்வாரா? ஆம் என்றால் அது செய்தியில் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் ஏன் என்று மட்டும்தான் புரியாது என்றால், கீழே த்ரெட்டில் போடலாம். களவுபோன கீயைப் பற்றிய விளக்கம் சுவாரசியமானது, ஆனால் அது தெரியாமலே ஒருவர் சரியான முகவரியைத் தர முடியும். அது த்ரெட்டுக்குப் போகட்டும். டெஸ்டுக்கும் லைவுக்கும் தனித்தனிப் படிவம் என்பதைச் சொல்லாவிட்டால் ஒரே பட்டியலாகக் கலந்து தருவார்கள். அது செய்தியில் இருக்க வேண்டும். ரீஃபண்ட் சர்வர் என்பதை விட்டுவிட்டால் இன்னும் மோசம். வெள்ளி இரவு கட்டணம் எல்லாம் ஒழுங்காகப் போகும், எல்லோரும் நிம்மதியாகத் தூங்குவார்கள், சில நாள் கழித்து யாராவது பணம் திரும்பக் கேட்கும்போதுதான் விஷயம் வெளியே வரும்.

மெயிலில் இல்லாத ஒரு தகவலையும் நீங்கள் சேர்க்க வேண்டியிருக்கும். "சர்வரின் ஐபி முகவரி" என்று மட்டும் கேட்டால், 10. அல்லது 192.168. என்று தொடங்கும் உள் வலையமைப்பு முகவரியை ஒருவர் எடுத்துத் தந்துவிட வாய்ப்பு உண்டு. அந்த முகவரி உங்கள் வலையமைப்புக்கு வெளியே யாருக்கும் தெரியாது. கேட்வே நிறுவனத்துக்குத் தெரிவது, கோரிக்கை உங்கள் வலையமைப்பை விட்டு வெளியேறும்போது அதன்மேல் ஒட்டிக்கொண்டு போகும் பொது முகவரி. உங்களுக்கு இது தெரியாமல் இருப்பதில் தவறில்லை. அதனால்தான் செய்தியைப் பொதுவில் போடும் முன் சர்வர் பொறுப்பாளரிடம் ஒரு நிமிடம் காட்டச் சொல்கிறேன். "முகவரி என்று கேட்டிருக்கிறார்கள், இது போதுமா?" என்று கேட்டால், "வெளி ஐபி என்று போடுங்கள்" என்று அவரே சொல்லிவிடுவார். ஒரு சொல் கூடும், ஒரு சுற்று மறுவேலை குறையும்.

இதையெல்லாம் சேர்த்தால் செய்தி இப்படி வரும். பொறுப்பின் பெயரை நான் போட்டிருக்கும் இடத்தில் நீங்கள் ஆளின் பெயரைப் போட்டு டேக் செய்யுங்கள்.

> @சர்வர்-பொறுப்பாளர் @ரீஃபண்ட்-பொறுப்பாளர் பேமென்ட் கேட்வேயை அழைக்கும் நம் சர்வர்களின் வெளி ஐபி முகவரிகள் 13 செவ்வாய் மாலை 4 மணிக்குள் வேண்டும். ரீஃபண்ட் சர்வரும் சேர்த்து. டெஸ்ட், லைவ் இரண்டையும் தனித்தனியாக இந்தச் செய்திக்குப் பதிலாகப் போடுங்கள். நான் படிவத்தில் நிரப்பி, சரிபார்த்து, 14-ஆம் தேதி அனுப்ப வேண்டும்.
>
> பட்டியலில் இல்லாத லைவ் சர்வரிலிருந்து 16 வெள்ளி இரவு 11-க்குப் பிறகு கட்டணமோ ரீஃபண்டோ போகாது.

நீளத்தில் இது உங்கள் பழைய செய்தியைவிடக் குறைந்துவிடவில்லை. அது பரவாயில்லை. வெட்டியது பின்னணியை, அந்த இடத்தில் வந்திருப்பது வேலை.

வரிசையைக் கவனியுங்கள். போனில் வரும் அறிவிப்பில் பொதுவாக முதல் ஓரிரு வரிதான் தெரியும். உங்கள் பழைய செய்தியில் அந்த இடத்தை "டீம், பேமென்ட் கேட்வே நிறுவனத்திடமிருந்து மெயில் வந்திருக்கிறது" என்ற வாக்கியம் நிரப்பியது. புதியதில் பெயரும், என்ன வேண்டும் என்பதும் அங்கேயே வந்துவிடுகின்றன. விளைவை மட்டும் இரண்டாவது பத்தியில் தனியாக வைத்தேன். அதை முதலில் வைத்தால் பயமுறுத்துவது போல் ஆகும், அதோடு "ஐயோ, ஏன் இப்படிச் செய்கிறார்கள்?" என்று விவாதம் கிளம்பி வேண்டுகோள் அமுங்கிப்போகும்.

கட்டைவிரல் விஷயத்துக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. "பார்த்துவிடுங்கள்" என்று கேட்டீர்கள், ஏழு பேர் பார்த்தார்கள், பார்த்ததைச் சொல்லவும் செய்தார்கள். கேட்டது கிடைத்தது. கட்டைவிரலால் நிறைவேற்ற முடியாத ஒன்றைக் கேளுங்கள். முகவரிப் பட்டியலைப் பதிலாகப் போடச் சொன்னால், பட்டியல் வந்தால் வேலை முடிந்தது, வராவிட்டால் முடியவில்லை, நடுவில் குழப்பமில்லை. வேலை பெரியது, உடனே முடித்துக் காட்ட முடியாது என்றால், "எந்த நாளில் முடியும் என்று பதிலிடுங்கள்" என்று தேதியைக் கேளுங்கள். (பொது ஐபி முகவரியைக் குழு சாட்டில் போடுவதில் பெரிய ஆபத்து இல்லை. ஆனால் ஆர்வக்கோளாறில் யாராவது அதோடு கீயையும் ஒட்டினால் உடனே அழிக்கச் சொல்லுங்கள். அந்தக் கீயை மாற்ற வேண்டியதாகிவிடும், அதுவும் இந்த நேரத்தில்.)

எல்லோரையும் ஒரே அடியாக அழைக்கும் டேக்குகளை இந்த மாதிரிச் செய்திக்குத் தவிர்த்துவிடுங்கள். ஸ்லாக்கில் `@channel` போட்டால் அந்தச் சேனலில் உள்ள எல்லோருக்கும் அறிவிப்பு போகும். `@here` போட்டால் அந்த நேரத்தில் ஆன்லைனில் இருப்பவர்களுக்கு மட்டும் போகும். முதலாவதில் பத்துப் பேர் மற்றவர் செய்வார் என்று விட்டுவிடுவார்கள். இரண்டாவதில், செய்ய வேண்டியவர் அன்று விடுப்பில் இருந்தால் அவருக்குத் தெரியாமலே போய்விடும்.

கீயை மாற்ற வேண்டாம் என்ற வேண்டுகோள் எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். அதை இந்தச் செய்தியில் சேர்க்காமல் வேண்டுமென்றே விட்டேன். அது இருவருக்கானது அல்ல, கீயைத் தொடக்கூடிய எல்லோருக்கும் உரியது. ஒரே செய்தியில் வைத்தால், முகவரி தர வேண்டிய இருவர் தவிர மற்றவர்கள் தங்கள் பெயர் இல்லை என்று கடைசி வரிக்கு முன்பே போய்விடுவார்கள். தனிச் செய்தியாகப் போடுங்கள்:

> எல்லோருக்கும்: பேமென்ட் கேட்வேயின் இப்போதைய கீயை மாற்ற வேண்டாம். அந்த நிறுவனம் உறுதிப்படுத்தியதும் இங்கே சொல்கிறேன். ஏற்கெனவே மாற்றியிருந்தாலோ, மாற்றும் வேலை ஏதாவது திட்டத்தில் இருந்தாலோ இன்றே என்னிடம் சொல்லுங்கள்.

இதற்கு மட்டும் கட்டைவிரல் போதும். ஒன்றைச் செய்யாமல் இருக்கச் சொல்லும்போது, படித்தேன் என்பதே பதில். கடைசி வாக்கியத்தை நான் சேர்த்ததற்குக் காரணம், சில குழுக்களில் குறிப்பிட்ட இடைவெளியில் கீயைத் தானாகவே மாற்றும் ஏற்பாடு இருக்கும். மனிதர்கள் எல்லோரும் சும்மா இருந்தாலும் அது சும்மா இருக்காது.

போடுவதற்கு முன் செய்யும் சரிபார்ப்பு ஒன்றே ஒன்று. மெயிலை மறுபடி திறந்து, அதில் உள்ள எண்கள், தேதிகள், இவற்றோடு "மட்டும்", "வரை", "தவிர", "வேண்டாம்", "இல்லாத", "ஆனால்" (வருமானால், இருந்தால் என்ற வடிவங்களும்) ஆகிய சின்னச் சொற்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போங்கள். ஒவ்வொன்றும் உங்கள் செய்தியில் இருக்கிறதா, அல்லது தெரிந்தே விட்டீர்களா? சுருக்கும்போது முதலில் உதிர்வது இந்தச் சின்னச் சொற்கள்தான், வேண்டுகோளின் நிபந்தனை முழுவதும் இவற்றில்தான் இருக்கிறது. உங்கள் மெயிலில் இப்படித் தேடினால் "பதிவு செய்யப்பட்ட முகவரிகளிலிருந்து மட்டும்" உங்கள் பழைய செய்தியில் வந்திருக்கிறது. "வேறு சர்வரிலிருந்து வருமானால்", "உறுதிப்படுத்தல் வரும்வரை", "பதிவில் இல்லாத" ஆகிய மூன்றும் வரவில்லை. மூன்றும் மூன்றாவது பத்தியில் இருப்பவை. தேடிய பிறகு இன்னும் சந்தேகமாக இருந்தால், மெயிலைப் பார்க்காத ஒருவரிடம் செய்தியைக் காட்டி, "இதைப் படித்துவிட்டு நீ என்ன செய்வாய்?" என்று கேளுங்கள். "புரிகிறதா?" என்று கேட்டால் எல்லோரும் புரிகிறது என்றுதான் சொல்வார்கள்.

எல்லா மெயிலையும் இப்படிச் செய்ய முடியாது. விலை, ஒப்பந்த நிபந்தனை, யார் பொறுப்பேற்பது போன்றவை வரும் மெயிலில், அந்தக் குறிப்பிட்ட வாக்கியத்தை உங்கள் சொற்களில் மாற்றாமல் மேற்கோளாக அப்படியே போடுங்கள். உங்கள் வேண்டுகோளை மட்டும் அதற்கு மேலே எழுதுங்கள். "14க்குள் அனுப்ப முயல்வோம்" என்று அவர்கள் எழுதியதை நீங்கள் "14க்குள் அனுப்புவார்கள்" என்று சாட்டில் போட்டுவிட்டால், அந்த நாளிலிருந்து அது உங்கள் வாக்குறுதி. குழு ஒரு முடிவெடுக்க வேண்டிய மெயிலாக இருந்து, சாதகபாதகங்கள் நான்கைந்து இருந்தால், சாட்டில் போட வேண்டியது "வியாழன் காலைக்குள் இதைப் படித்துவிட்டு, முதல் வழியா இரண்டாவதா என்று பதிலிடுங்கள்" என்ற ஒரு வரியும் மெயிலும்தான். சில நேரம் முழுவதையும் படித்தாக வேண்டும் என்பதே வேண்டுகோளாக இருக்கும்.

மெயிலை எங்கே வைப்பது? செய்திக்குக் கீழே த்ரெட்டில் முதல் பதிலாக நீங்களே போட்டுவிடுங்கள். படிவமும் வழிகாட்டியும் அங்கேயே இருக்கட்டும். வழிகாட்டி நீளமாக இருந்தால் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். "விவரம் மெயிலில்" என்று மட்டும் சொன்னால், மெயில் வந்த பட்டியலில் தான் இருக்கிறோமா என்பதே பலருக்குத் தெரியாது.

இடையில் தேதி மாறினால், போட்ட செய்தியைத் திருத்துவதோடு நிறுத்திவிடாதீர்கள். திருத்தத்துக்குப் பொதுவாகப் புது அறிவிப்பு போகாது. முன்பே படித்தவர் மறுபடி அந்தப் பக்கம் வரமாட்டார். பழைய செய்தியில் தேதியைத் திருத்துங்கள், அதோடு அதே த்ரெட்டில் அந்த இருவரையும் டேக் செய்து "கெடு 13லிருந்து 12 திங்கள் மாலை 4க்கு மாறிவிட்டது" என்று புதிதாக ஒரு வரி போடுங்கள். பழைய தேதியையும் அந்த வரியில் சேர்த்துச் சொல்வது நல்லது. இல்லாவிட்டால் எது புதிது, எது பழையது என்று கேட்டு உங்களுக்குத்தான் தனிச்செய்தி வரும்.